தனியாக ஒரு பல், அதற்கு ஒரு துணை

எங்கள் குடியிருப்பில் மாலைப் பள்ளி நடக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். பாதிப் பேருக்கு எழுத்து தெரியும், சொல் தெரியாது. இன்னும் சிலருக்குச் சொல் தெரியும், ஒரு வரியைக் கடைசிவரை படிக்கும் பொறுமை இருக்காது. அவர்களைக் கடைசிச் சொல் வரைக்கும் இழுத்துப் போக ஒரு வழி வேண்டும் என்று பேசியபோது, நகைச்சுவைத் துணுக்குகளை அட்டைகளில் எழுதித் தரலாம் என்று முடிவானது. நகைச்சுவையில் சிரிப்பு கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்தவருக்கு மட்டும்தான் அது கிடைக்கும். படிக்கக் கற்கும் பிள்ளைக்கு அதைவிட நேர்மையான கூலி வேறில்லை.

தோழர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எழுதி அனுப்பினார்கள். வந்து சேர்ந்த துணுக்குகளைத் தரையில் பரப்பி வைத்துப் படித்தபோதுதான் நம் மொழியில் எதற்கெல்லாம் சிரித்துப் பழகியிருக்கிறோம் என்று தெரிந்தது. கறுப்புக்குச் சிரிப்பு, குண்டுக்குச் சிரிப்பு, திக்கிப் பேசுவதற்குச் சிரிப்பு. வெளுப்பவர் வீட்டுக் கழுதை, முடி வெட்டுபவரின் வாய், பிச்சைக்காரரின் தட்டு. முட்டாளாக வருகிறவர் பெயர் எல்லாத் துணுக்கிலும் குப்பன், முனியன், மண்ணாங்கட்டி. எழுதியவர்கள் எல்லாரும் சாதி ஒழிப்பில் உறுதியானவர்கள். யாரையும் புண்படுத்த நினைத்து எழுதவில்லை. சினிமாவிலும் வார இதழிலும் கேட்டது கையில் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இவற்றை ஒதுக்குவது எளிது, ஒதுக்கினோம். எங்கள் கண்ணில் படாமல் வகுப்புக்குள் போன ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாத்தா பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படிக்கிறார். பேரன் கேட்கிறான், 'என்ன தாத்தா செய்தி?' தாத்தா சொல்கிறார், 'பஸ் கவிழ்ந்துவிட்டது.' பழைய துணுக்குதான். சொல்லும் எளிது, படமும் வரையலாம். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அதை எழுத்துக்கூட்டிக் கடைசிவரை படித்தாள். சிரிக்கவில்லை. 'எங்க ஆயாவும் பேப்பரை அப்படித்தான்கா பிடிக்கும்' என்றாள். அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

அவள் அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்கிற பிள்ளை. அவள் கையில் நாம் கொடுத்த முதல் நகைச்சுவை, படிக்கத் தெரியாத அவளுடைய ஆயாவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது. ஆயாவுக்கு எழுத்து ஏன் கிடைக்கவில்லை என்பது நமக்குத் தெரியும். அம்பேத்கர் சாக்குத் துணியைக் கையோடு கொண்டுபோய் வகுப்பில் தனியே உட்கார்ந்த வரலாற்றை மேடையில் சொல்கிறோம். எழுத்து மறுக்கப்பட்டவரின் எழுத்தின்மையையே வேடிக்கையாக்கி அவர் பேத்தியின் கையில் கொடுக்கிறோம். சிரிப்பவர் பக்கம் வந்து சேர வேண்டுமானால் வீட்டை விட்டுக் கொடு என்று அந்த அட்டை அவளிடம் கேட்டது. அவள் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால்தான் கவலைப்பட்டிருக்க வேண்டும்.

அதன் பிறகு அட்டைகளை நாங்களே உட்கார்ந்து எழுதினோம். எழுதும்போது தெரிந்துகொண்டதைத்தான் இங்கே பகிர்கிறேன். மாலைப் பள்ளியோ, இல்லம் தேடிக் கல்வி மையமோ, எண்ணும் எழுத்தும் வகுப்போ, எங்கே இருக்கிற தோழருக்கும் இது பயன்படும்.

முதல் சிக்கல் பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் நடுவில் இருக்கிறது. 'வந்தது' என்று எழுதினால் பிள்ளை படித்துவிடும், சிரிப்பு வராது, ஏனென்றால் யாரும் அப்படிப் பேசிச் சிரிப்பதில்லை. 'வந்துச்சு' என்று எழுதினால் சிரிப்பு வரும், பள்ளியில் ஆசிரியர் அந்த எழுத்தைப் பிழை என்பார். அதோடு யாருடைய பேச்சை எழுதுவது என்ற கேள்வியும் வருகிறது. ஊர்த்தெரு பேசுவது பேச்சுத் தமிழ் என்றும், சேரி பேசுவது கொச்சை என்றும் பள்ளிக்கூடம் இன்றும் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு துணுக்கில் ஒருவர் மட்டும் 'இஸ்துகினு' என்று பேசினால், வகுப்பு யாரைத் திரும்பிப் பார்க்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கு எங்களுக்குக் கிடைத்த வழி, வினைச்சொல்லையே விட்டுவிடுவது. தமிழில் வினை இல்லாமல் வாக்கியம் நிற்கும். 'இது யார் தொப்பி?' 'தட்டில் என்ன?' 'தலையில் ஒரு காகம்.' இவை எழுத்திலும் ஒன்றுதான், வாயிலும் ஏறக்குறைய ஒன்றுதான். எந்தத் தெருப் பிள்ளை படித்தாலும் தன் பேச்சாகவே வரும். வாக்கியமும் தானாகக் குறுகிவிடும். குறுகுவது முக்கியம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை பதினைந்தாவது சொல்லுக்கு வரும்போது முதல் சொல் மறந்து போயிருக்கும். கேள்வியும் விடையும் சேர்ந்து 10 சொல்லைத் தாண்டினால் எங்கள் பிள்ளைகளிடம் சிரிப்பு வரவில்லை. தாண்டாதபோது வந்தது.

அடுத்தது, எந்த எழுத்து வேறுபாட்டை வைத்து விளையாடுவது என்பது. எல்லாருக்கும் முதலில் தோன்றுவது புலியும் புளியும், பள்ளியும் பல்லியும், மழையும் மலையும். நல்ல சோடிகள்தான். ஆனால் ல, ள, ழ மூன்றையும் பிரித்துச் சொல்வது வீட்டுக்கு வீடு, மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுகிறது. தென்மாவட்டங்களில் 'ழ' பெரும்பாலும் 'ள' ஆகவே ஒலிக்கும். பிள்ளை 'மளை' என்று படித்ததும் வகுப்பு சிரித்தால், அது துணுக்குக்குச் சிரித்ததா, பிள்ளையின் நாக்குக்குச் சிரித்ததா? நாக்குச் சுத்தம் என்ற பேரில் நம்மவர்கள் பட்ட அவமானம் போதும். அதனால் இந்தச் சோடிகளை மூன்றாம் வகுப்புக்குத் தள்ளி வைத்தோம். அப்போதும் பேசுகிறவர் வாய் தவறுவதாக எழுதுவதில்லை, பலகையில் எழுத்து தவறுவதாகத்தான் எழுதுகிறோம்.

குறிலும் நெடிலும் அப்படியல்ல. 'பல்', 'பால்' என்ற வேறுபாடு எந்தத் தெருப் பேச்சிலும் கெடுவதில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் காதில் ஏற்கெனவே இருக்கிறது. கண்ணுக்குத்தான் புதிது. 'ா' என்கிற துணைக்கால் ஒன்றுதான் நடுவில் நிற்கிறது. படிக்கத் தொடங்கும் பிள்ளை அதிகமாகத் தவற விடுகிற குறிகளில் அதுவும் ஒன்று. அதையே நகைச்சுவையின் திருப்பமாக வைத்தால், துணைக்காலைப் பார்க்காத பிள்ளைக்குச் சிரிப்பு கிடைக்காது. சிரித்தால் பார்த்துவிட்டது என்று பொருள். தேர்வு வைக்கத் தேவையில்லை.

நான் முதலில் எழுதியது இது. 'பால் வாங்கினான். வழியில் கால் உடைந்தது. கையில் என்ன?' அட்டையின் பின்பக்கம், 'பல்!' பாலில் இருக்கிற கால் உடைந்தால் பல். எழுதிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. வகுப்பிலும் நன்றாக ஓடியது. நான்கைந்து பேர் உடனே பிடித்துக்கொண்டார்கள், மற்றவர்களுக்கு அவர்களே பலகையில் எழுதிக் காட்டினார்கள். துணுக்கு வென்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். இடைவேளையில் வெளியே விளையாடும்போது, நடக்கச் சிரமப்படும் ஒரு பையனை 'பல்லு, பல்லு' என்று கூப்பிட்டார்கள். கால் உடைந்த பால் பல் அல்லவா? அட்டையில் படித்த பாடத்தைச் சரியாகத்தான் பயன்படுத்தினார்கள். அவன் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் வரவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு துணுக்கையும் எழுதி முடித்ததும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். இடைவேளையில் இதிலிருந்து ஒரு பட்டப்பெயர் வருமா? துணுக்கில் கெட்ட சொல் இருக்கிறதா என்று பார்ப்பது போதாது. 'கால்', 'பல்', 'காகம்', 'தட்டு' எல்லாமே நல்ல சொற்கள்தான். ஒரு சொல் ஒரு குறையோடு சேர்ந்து நகைப்புக்குரியதாகிவிட்டால், அது ஒட்டிக்கொள்ள ஒரு பிள்ளையைத் தேடும். தேடினால் வகுப்பில் மிகவும் பலவீனமாக நிற்கும் பிள்ளைதான் கிடைக்கும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவரும் அவருடைய தங்கையும் வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கைகளில் வண்ணக் கயிறு கட்டக்கூடாது என்று அதில் பரிந்துரை இருக்கிறது. கயிற்றை அவிழ்க்கச் சொல்லலாம். பட்டப்பெயரை அவிழ்க்கச் சொல்ல யாராலும் முடியாது. அது ஒன்றாம் வகுப்பில் கட்டப்படுகிறது, பெரும்பாலும் சிரித்துக்கொண்டே.

அந்தப் பையன் வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம் பேசி, இரண்டு நாள் கழித்து அழைத்து வந்தோம். இதற்கிடையில் அந்த அட்டையைக் கிழிப்பதா, மாற்றுவதா என்று யோசித்தேன். துணைக்காலை விட மனமில்லை. அப்போதுதான் அந்தப் பெயரில் 'கால்' மட்டுமல்ல, 'துணை'யும் இருக்கிறது என்பது கண்ணில் பட்டது. இத்தனை நாள் எழுதிக் காட்டியும் அது எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

புது அட்டை இப்படி அமைந்தது. 'தனியாக ஒரு பல். அதற்கு ஒரு துணை. அப்புறம்?' பின்பக்கம், 'பால்!'

மொத்தம் எட்டுச் சொல். வினை இல்லை. பழைய அட்டையில் ஒன்று இழக்கப்பட்டது, இதில் ஒன்று வந்து சேர்கிறது. எழுத்து வித்தை இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் இதிலிருந்து யாருக்கும் பட்டப்பெயர் எடுக்க முடியவில்லை. எடுத்தாலும் 'துணை' என்றுதான் எடுக்க வேண்டும். பெயர் சூட்டுவதில் வல்லவர்களான எங்கள் பிள்ளைகளே முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

அச்சு கிடைத்ததும் மற்றவை வரிசையாக வந்தன. தனியாக ஒரு கல், அதற்கு ஒரு துணை, கால். தனியாக ஒரு மலை, துணை வந்தால் மாலை. இவை சுமாரான சிரிப்புதான். 'படம்' வந்தபோது வகுப்பு அதிர்ந்தது. 'தனியாக ஒரு படம். அதற்கு ஒரு துணை. ஐயோ!' திருப்பினால், 'பாடம்!' படம் பார்க்க உட்கார்ந்தவர்களுக்குப் பாடம் கிடைத்தால் எப்படியிருக்கும் என்பது ஆறு வயதுக்கு நன்றாகவே தெரிகிறது. இங்கே சிரிப்பு யார் மேல் விழுகிறது என்று பாருங்கள். பாடத்தின் மேல், பாடம் நடத்துகிற எங்கள் மேல். அது விழ வேண்டிய இடம்தான். வகுப்பறையில் அதிகாரம் இருப்பது ஆசிரியரிடம். ஆசிரியர் ஏமாறுகிற துணுக்குகளைத் தாராளமாக எழுதலாம். 'என் கண்ணாடி எங்கே?' 'உங்கள் தலையில், டீச்சர்!' இந்த அட்டையை எந்தப் பிள்ளையும் இரண்டு முறை படிக்காமல் விட்டதில்லை.

'பறை' என்ற சொல்லும் இந்த அச்சில் அழகாக உட்காரும். தனியாக ஒரு பறை, துணை வந்தால் பாறை. எங்கள் மாலைப் பள்ளியில் அது இருக்கிறது. பறையடிக்கும் அப்பாக்களின் பிள்ளைகள் அதை உரக்கப் படிக்கிறார்கள். ஆனால் எல்லாத் தெருப் பிள்ளைகளும் உட்காரும் பள்ளி வகுப்பில் இதை அப்படியே கொடுக்க நான் சொல்ல மாட்டேன். பறையை முதலில் வகுப்புக்குக் கொண்டுவந்து எல்லாப் பிள்ளைகளும் தட்டிப் பார்த்து, அது ஒரு கருவியின் பெயர் என்று கையில் ஏறிய பிறகு கொடுக்கலாம். அதற்கு முன் கொடுத்தால், வீட்டில் வேறு விதமாகக் கேட்ட பிள்ளை ஒன்று நமட்டுச் சிரிப்பு சிரிக்கும். அதை அடக்க ஆசிரியர் குரலை உயர்த்த வேண்டி வரும். இரண்டுமே கெடுதல். இதைச் சொல்லும்போது சில தோழர்களுக்குக் கோபம் வருகிறது, நாம் ஏன் ஒளிய வேண்டும் என்று. ஒளியச் சொல்லவில்லை. பறை முதலில் ஒலிக்கட்டும், எழுத்து பிறகு வரட்டும் என்கிறேன்.

அதே போல, புண்படுத்தும் துணுக்குகளை நீக்குகிறோம் என்று செருப்புத் தைப்பவரையும் துணி வெளுப்பவரையும் துப்புரவுத் தொழிலாளரையும் நகைச்சுவையிலிருந்தே துரத்திவிட்டால், மிஞ்சுவது அலுவலகம் போகும் அப்பாவும் அவர் வீட்டுப் பூனைக்குட்டியும்தான். அது வேறு வகைத் தீண்டாமை. அவர்கள் இருக்க வேண்டும். கடைசிச் சொல்லை அவர்கள் சொல்ல வேண்டும். 'செருப்பில் ஓட்டை. என்ன விலை?' என்று ஒருவர் கேட்கிறார். தைப்பவர் சொல்கிறார், 'ஓட்டை இலவசம்!' சிரிப்பு தைப்பவர் பக்கம் நிற்கிறது, ஏனென்றால் வேடிக்கையான சொல் அவர் வாயில் இருக்கிறது. யார் கடைசியாகப் பேசுகிறார் என்று பார்த்தாலே ஒரு துணுக்கு யார் பக்கம் என்று பாதி தெரிந்துவிடும்.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். நம் ஊர்களில் பெயரே பாதி முகவரி. குப்பனும் பிச்சையும் அமாவாசையும் யாரோ ஒரு பிள்ளையின் தாத்தா பெயர்கள். பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்த வீடுகளில், இதுவாவது தங்கட்டும் என்று வைத்த பெயர்களும் அவற்றில் உண்டு. அதனால் எங்கள் அட்டைகளில் மனிதப் பெயரே இல்லை. எழுத்துகளும் பல்லும் செருப்பும் மாடும் பேசுகின்றன.

மாடு என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் வகுப்பில் அதிகம் கிழிந்துபோன அட்டை அதுதான். 'மாட்டுக்குக் கொம்பு உண்டா? எழுதிப் பார்!' எல்லாரும் உண்டு என்று கத்துவார்கள். பலகையில் 'மாடு' என்று எழுதினால் கொம்பே இல்லை, ஒரே ஒரு துணைக்கால்தான். 'அப்புறம் யாருக்குக் கொம்பு?' என்று அட்டையின் பின்பக்கம் கேட்கும். பிள்ளைகள் சொல் சொல்லாக எழுதித் தேடுவார்கள். பேனாவுக்குக் கொம்பு இருக்கிறது என்று ஒருத்தி கண்டுபிடித்தபோது அரைமணி நேரம் வகுப்பு நடக்கவில்லை. கொம்பு, எழுத்துக்கு முன்னால் எழுதிப் பின்னால் ஒலிக்கிற குறி. பிள்ளைகள் தடுமாறுகிற இடம். அந்த அரைமணி நேரத்தில் அவர்கள் கொம்பைத் தேடிப் படித்த சொற்களை நான் கட்டாயப்படுத்திப் படிக்க வைத்திருக்க முடியாது.

அந்தப் பேனாவில் இன்னொன்றும் இருக்கிறது. 'னா'வுக்கு இன்று தனியாகத் துணைக்கால் நிற்கிறது. பழைய அச்சில் ணா, றா, னா மூன்றும் துணைக்கால் இல்லாமல் வேறு வடிவத்தில் சுழித்து எழுதப்பட்டன. ணை, லை, ளை, னை நான்கும் அப்படித்தான். பெரியார் 1935இலிருந்து குடிஅரசில் கடைப்பிடித்த சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்ற பிறகுதான் பிள்ளைகள் விதிவிலக்கு இல்லாமல் துணைக்காலைப் படிக்க முடிகிறது. துணைக்கால் எங்கே நின்றாலும் ஒரே வேலை செய்யும் என்ற நம்பிக்கை இல்லையென்றால் எங்கள் துணுக்கு எதுவும் செல்லாது.

எழுதிய துணுக்கு பலித்ததா என்று பார்க்க ஒரு எச்சரிக்கை. ஆசிரியர் படித்துக் காட்டி வகுப்பு சிரித்தால் அது கணக்கில் வராது. நம் குரலுக்கும் முகத்துக்கும் சிரித்திருப்பார்கள், பக்கத்தில் இருப்பவர் சிரித்ததற்குச் சிரித்திருப்பார்கள். படம் வரைந்தாலும் கெட்டது. பால் டம்ளரை வரைந்துவிட்டால் 'பால்' என்ற சொல்லை யாரும் படிக்க மாட்டார்கள். அட்டையைப் பிள்ளையிடம் தனியாகக் கொடுத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். உதடு அசைந்து, ஒரு நொடி நின்று, கண் மறுபடி முதல் சொல்லுக்குப் போய்த் திரும்பி வந்தால் பிடித்துவிட்டது. சிரிப்பு அதற்குப் பிறகுதான் வரும். திருப்பிப் பார்த்தும் முகம் மாறாமல் அடுத்த அட்டைக்குப் போனால், எழுத்து ஒலித்திருக்கிறது, பொருள் சேரவில்லை. விளக்கக் கூடாது. விளக்கிய நகைச்சுவைக்கு எந்த வயதிலும் யாரும் சிரித்ததில்லை. அந்த அட்டையை எடுத்து வைத்துவிட்டு ஒரு மாதம் கழித்து மறுபடி கையில் கொடுத்தால் போதும். ஐந்து வயதுப் பிள்ளைகளில் பலருக்கு ஒரு சொல் இன்னொன்றாக மாறுவதே புரிவதில்லை. அவர்களுக்குத் தலையில் காகம் உட்கார்ந்தாலே சிரிப்பு.

பிள்ளைகளே எழுதத் தொடங்கியதும் எங்கள் அட்டைகள் பழசாகிவிட்டன. கடைக்குத் துணை வந்து காடை ஆனது. வலைக்குத் துணை தேடி 'வாலை' என்று எழுதி, அதற்குப் பொருள் கேட்டு என்னைத் திணற வைத்தார்கள். சென்ற வாரம், மறுநாள் வராமல் போன அந்தப் பையன் ஓர் அட்டை எழுதிக்கொண்டு வந்தான். 'தனியாக ஒரு தடி. அதற்கு ஒரு துணை. அப்புறம்?' திருப்பினேன். 'தாடி!' என்று இருந்தது. நான் சிரித்து முடிப்பதற்குள் அவன் சுவரைக் காட்டினான். அங்கே மாட்டியிருந்த படத்தில் பெரியார் உட்கார்ந்திருந்தார்.

'அக்கா, அவருக்கிட்ட ரெண்டும் இருக்கு' என்றான்.